டோட்டா 2 பயிற்சிக் குறிப்புகள்: ஒரு கேரி, மூன்று அமர்வுகள்

மார்ச் 3
புது மாணவர், கேரி ஆடுபவர், அதாவது தங்கம் சேர்த்துப் பிற்பாதியில் அணியைத் தூக்க வேண்டியவர். நான் கேட்டது மூன்று மேட்ச் ஐடி மட்டும்: தோற்றவை இரண்டு, ஜெயித்தது ஒன்று. ஐடி இருந்தால் ரீப்ளேயை நம் கணக்கிலேயே இறக்கிப் பார்க்கலாம். நாள் கடந்தால் ரீப்ளே சர்வரில் இருக்காது, அதனால் அண்மை மேட்ச்தான் வேண்டும். கட்டணம் அமர்வுக்கு அமர்வு, பாதி முன்பணம். பத்து அமர்வுக்கு மொத்தமாக வாங்கினால், இரண்டாவதிலேயே ஒத்துவராது என்று தெரிந்தாலும் அவரால் விலக முடியாது. 'இத்தனை எம்.எம்.ஆர். ஏற்றித் தருகிறேன்' என்று தரவரிசைப் புள்ளிக்கு உறுதி கொடுக்கும் பேச்சே கிடையாது.

மார்ச் 5
முதல் அமர்வு, ஒரு மணி நேரம். முதல் பத்து நிமிடம் அவரே மேட்ச்சை விளக்கினார்: "சப்போர்ட் சரியில்லண்ணா." அடுத்த முப்பத்தைந்து நிமிடமும் ரீப்ளேயின் முதல் பத்து நிமிடத்துக்கே போனது. முழு மேட்ச்சையும் பார்த்தால் இருபது தவறு தெரியும், ஒன்றும் திருந்தாது.

பத்தாவது நிமிடத்தில் அவரிடம் 41 லாஸ்ட் ஹிட், அதாவது கடைசி அடி கொடுத்துத் தங்கம் வாங்கிய கிரீப்கள். தானாக நடந்துவரும் இந்தச் சிறு வீரர்கள் அரை நிமிடத்துக்கு ஒரு அலை, அலைக்குக் குறைந்தது நாலு கிரீப். ஆக, 80 பக்கம் வந்திருக்கும். மீதி எங்கே போனது? ஆட்டக்காரர் பார்வைக்கு மாற்றி, பாதி வேகத்தில் ஓட்டினேன். ஒரு கிரீப் செத்ததும் அடுத்ததை உடனே அடிக்கத் தொடங்குகிறார், கை நிற்பதே இல்லை. அதனால் அலை முன்னேறி மூன்றாவது நிமிடத்திலேயே எதிரி டவருக்கடியில் போய் நிற்கிறது. அங்கே கிட்டப் போனால் சாவு, போகாவிட்டால் கிரீப் டவருக்கு. சப்போர்ட் மேல் பழி போடுவதற்கு முன்னால் பார்க்க வேண்டியது இதுதான்.

கடைசிக் கால் மணி நேரம் வீட்டுப்பாடம்: தனி லாபியில் தினமும் 10 நிமிடம். அடியைப் பாதியில் S அழுத்தி நிறுத்தி, உயிர் துளியாகக் குறைந்தபின் மட்டும் அடிக்க வேண்டும்.

மார்ச் 8
இரவு மெசேஜ்: "அண்ணா, ஐடி பாஸ்வேர்டு தரேன், நீங்களே ரெண்டு மேட்ச் ஆடிக் காட்டுங்களேன்." முடியாது என்றேன். கணக்கைப் பகிர்வது ஸ்டீம் விதிக்கே எதிரானது. ஒரு வெற்றிக்குச் சுமார் 25 எம்.எம்.ஆர். ஏறினாலும் அந்த மட்டத்தில் அவரால் நிற்க முடியாது, இறங்கித்தான் தீரும். நாளைக்கு ஏதாவது ஐட்டம் காணாமல் போனால் சந்தேகம் விழுவதும் என் மேல்தான். ஆடிக் காட்டணுமென்றால் என் கணக்கில் ஆடி, டிஸ்கார்டில் ஸ்கிரீன் ஷேர் போடுகிறேன்.

விசாரித்தால், முன்பு, காசு வாங்கி எம்.எம்.ஆர். ஏற்றித் தரும் பூஸ்டர் ஒருவருக்கு லாகின் கொடுத்திருக்கிறார். அந்தக் கணினி இன்னும் உள்ளேதான் இருக்கக்கூடும். அப்போதே பாஸ்வேர்டை மாற்றி, ஸ்டீம் கார்டு பகுதியில் எல்லாச் சாதனங்களையும் வெளியேற்றச் சொன்னேன். லாகினுக்கு ஸ்டீம் கார்டு தரும் ஐந்தெழுத்துக் கோடு எனக்கும் வரக்கூடாது. யாராவது அனுப்பும் க்யூஆரை ஸ்டீம் ஆப்பில் ஸ்கேன் செய்வதும் லாகினைத் தூக்கிக் கொடுப்பதுதான், இது பலருக்குத் தெரிவதில்லை.

மார்ச் 12
இரண்டாவது அமர்வு. புது மேட்ச்சில் 54 லாஸ்ட் ஹிட், ஆனாலும் தோல்வி. அலை இப்போது அவர் பக்கமே நிற்கிறது. பன்னிரண்டாவது நிமிடத்துக்குப் பிறகு லேனை விட்டு எங்கே போவதென்று தெரியாமல் காட்டில் சுற்றுகிறார். மூன்றாவது அமர்வு அந்த நேரத்துக்கு.