ஜிந்திலிருந்து ஆத்தூர் வரை: எருமைகளோடு ஆறு நாள்

பிப்ரவரி 4

ஹரியானா, ஜிந்த் பக்கத்துக் கிராமம். போன மாதம் வந்து முன்பணம் கொடுத்த நான்கு முரா எருமைகளும் நல்லபடியாக இருக்கின்றன. இரண்டு கறவை, ஈன்று நாற்பது நாள் ஆகிறது. இரண்டு ஐந்து மாதச் சினைக் கிடேரிகள். கறவைகளின் கன்றுகள் இரண்டு. தொண்டை அடைப்பானுக்கும் கோமாரிக்கும் அப்போதே ஊசி போடச் சொல்லியிருந்தேன். நீண்ட பயணத்தின் களைப்பில்தான் தொண்டை அடைப்பான் தலைதூக்கும். கிளம்பும் அன்று ஊசி போட்டுப் பயனில்லை.

போன வருடம் ஒரு தரகர் வழியாக வாங்கி, வண்டியோடு நான் போகாமல் இருந்துவிட்டேன். ஒரு எருமை வழியில் விழுந்து, மற்றவை மிதித்து, ஆத்தூர் வந்த மூன்றாம் நாள் இறந்துபோனது. அதை நினைத்தால் இன்னும் தூக்கம் வருவதில்லை. இந்த முறை லாரியில்தான் வருகிறேன்.

டிரைவர் நாமக்கல்காரர். இருபது வருடமாக மாடு ஏற்றுகிறவர். நான் வந்தபோது வண்டிக்குள் நின்று, பக்கப் பலகைகளை உள்ளங்கையால் மெதுவாகத் தடவிக்கொண்டே போய்க்கொண்டிருந்தார். ஓரிடத்தில் கை நின்றது. விரல் நுனி அளவு போல்ட் முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. "இது எந்த உயரம்னு பாருங்க தம்பி. சரியா இடுப்பு எலும்புக்கு வரும்" என்றார். அதை அறுத்துவிட்டு, வைக்கோல் திணித்த சாக்குகளைச் சுற்றிலும் கட்டினோம்.

பிப்ரவரி 5

இடக் கணக்கு. ஒரு மாட்டுக்குக் குறைந்தது இரண்டு சதுர மீட்டர் வேண்டும், ஒவ்வொன்றுக்கும் நடுவே தடுப்பு வேண்டும் என்று 2016 ஜனவரியிலிருந்து மோட்டார் வாகன விதியே சொல்கிறது. ஒரு லாரியில் ஆறுக்கு மேல் கூடாது என்பது 1978ஆம் வருட விதி. அதில் கன்றும் கணக்கில் வரும். எங்களுக்குச் சரியாக ஆறு.

வண்டியின் உள்நீளம் இருபது அடி, அகலம் ஏழரை. முன்னால் நான்கு அடி கன்றுகளுக்கு. மிச்சப் பதினாறு அடியில் இரண்டு வரிசை, வரிசைக்கு இரண்டு எருமை, எல்லாம் என்ஜினைப் பார்த்து நிற்கும்படி. ஒன்றுக்கு முப்பது சதுர அடி, அதாவது இரண்டே முக்கால் சதுர மீட்டருக்கு மேல். இன்னும் தாராளமாக விடலாமே என்று கேட்டேன். "அதுவும் ஆகாது. பிரேக் அடிச்சா சாய்ஞ்சு நிக்க ஒண்ணும் இல்லாம அடிவாங்கும்" என்றார். அதனால்தான் மூங்கில் தடுப்பு. நெருக்கினால் விழுந்தது எழ முடியாது, தளர்த்தினால் நிற்பது விழும். எனக்கு இந்த நடு அளவு இவ்வளவு தெளிவாக இதற்குமுன் பட்டதில்லை.

தரையில் ஐந்து விரல் உயரத்துக்கு மணல், மேலே வைக்கோல். கால்நடை மருத்துவர் வந்து பார்த்துச் சான்றிதழ் தந்தார்.

மாலை நான்கு மணிக்கு ஏற்றினோம். சாய்வுப் பலகை கிடையாது. வாய்க்கால் கரையில் வண்டியின் தளத்துக்குச் சமமான மேட்டில் பின்பக்கத்தை ஒட்டி நிறுத்தினார். கரைக்கும் தளத்துக்கும் நான்கு விரல் இடைவெளி இருந்தது. குளம்பு அதில் இறங்கினால் கால் முறியும். பலகை போட்டு, சாக்கு விரித்து, அதன் மேலும் மணல் தூவினோம். முதலில் கன்றுகள். அவற்றின் குரல் கேட்டதும் கறவைகள் இரண்டும் தாமாக நடந்து ஏறின.

இரண்டாவது கிடேரி மட்டும் பலகையருகே நின்றுவிட்டது. விற்றவரின் ஆள் வாலை முறுக்கப் போனார். டிரைவர் அண்ணன் கையைப் பிடித்துத் தடுத்து, கிடேரியின் தலைக்குப் பக்கத்தில் குனிந்து அது பார்க்கும் திசையைப் பார்த்தார். சாயங்கால வெயிலில் பின்கதவுக் கம்பியின் நிழல் பலகைக்குக் குறுக்கே கறுப்பாக விழுந்திருந்தது. அதற்கு அது பள்ளம். நிழல்மேல் ஒரு பிடி வைக்கோலைப் போட்டார். ஒரு சுற்று நடத்திக் கூட்டி வந்தோம், ஏறிவிட்டது. மொத்தம் நாற்பது நிமிடம்.

தலைக்கயிறு, இரண்டரை அடி நீளம். படுத்தால் தலை தொங்கக்கூடாது, காலும் அதில் சிக்கக்கூடாது. ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சு. கத்தி ஒன்று கதவோரத்தில்.

பிப்ரவரி 6

குவாலியர் தாண்டிவிட்டோம். கிளம்பிய முப்பதாவது கிலோமீட்டரிலேயே முதல் நிறுத்தம். முடிச்சு இறுகியிருக்கும், தடுப்பு நகர்ந்திருக்கும், முதலிலேயே பார்த்துவிட வேண்டும் என்றார். பிறகு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை.

முதல் சில மணி நேரம் எல்லாம் இளக்கமாகச் சாணி போட்டன. பயத்தில் வருவது. விடிகாலையில் கெட்டிப்பட்டது. இரவுக் குளிருக்கு முன்பக்கம் மட்டும் படுதா, பின்பக்கம் திறப்பு. முழுவதும் மூடினால் கோமிய நெடி கண்ணைக் கரிக்கிறது, எருமைக்கும் அப்படித்தானே.

பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கறக்காவிட்டால் மடி கட்டிக்கொள்ளும். வண்டிக்குள்ளேயே கன்றை ஊட்டவிட்டுக் கறந்தேன். வீட்டில் வேளைக்கு ஆறு லிட்டர் கொடுத்தவள் இரண்டரையோடு நிறுத்திக்கொண்டாள். தண்ணீரை முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பினாள். ஊர்த் தண்ணீரின் வாசம் இல்லை. வெல்லம் கரைத்தோம், குடித்தாள். தீனிக்கு அங்கே தின்று பழகிய கோதுமை வைக்கோல்தான், மூட்டைகளில் இருக்கிறது. தவிடும் தீவனமும் கொஞ்சமே. குலுங்கும் வயிற்றுக்கு நார்தான் நல்லது.

பிப்ரவரி 7

சாகர் அருகே ஒரு தாபாவின் பின்புறக் கொட்டகை. இங்கே எல்லாவற்றையும் இறக்கினோம். அடிக்கடி இறக்கி ஏற்றுவதும் தப்பு, ஏற்றி இறக்கும்போதுதான் அடிபடுகிறது. ஆறு நாள் வழிக்கு இரண்டு இறக்கம் என்று திட்டம். ஐரோப்பாவில் பதினான்கு மணி நேரம், ஒரு மணி ஓய்வு, இன்னொரு பதினான்கு மணி, பிறகு இறக்கி ஒரு முழுநாள் ஓய்வு என்று சட்டம் உண்டு. எங்கள் முதல் ஓட்டம் கிட்டத்தட்ட அந்தக் கணக்குக்கு வருகிறது.

இறக்கிய பத்தே நிமிடத்தில் நான்கும் படுத்துவிட்டன. வண்டியில் இதுவரை ஒன்றுகூடப் படுக்கவில்லை. ஒரு மணி நேரம் கழித்துத்தான் முதல் எருமை அசை போட ஆரம்பித்தது. அந்தத் தாடை அசைவைப் பார்த்தபிறகுதான் நானும் சாப்பிடப் போனேன்.

பிப்ரவரி 8

நேற்று முழு இரவும் ஓய்வு. விடிந்ததும் ஏற்றினோம், எந்தத் தகராறும் இல்லை. சிவனி தாண்டி, புலிகள் கீழே கடந்து போகச் சாலையையே தூக்கிக் கட்டியிருக்கும் பெஞ்ச் காட்டுப் பகுதியைத் தாண்டினோம்.

நாக்பூருக்கு முன்னால் பார்த்தபோது பின்வரிசை இடது கிடேரி விழுந்து கிடந்தது. களைத்துப் படுப்பது வேறு, விழுவது வேறு. படுத்தால் கால்களை மடித்து, தலையைத் தூக்கி வைத்திருக்கும். இது பக்கவாட்டில் கிடந்தது, ஒரு பின்னங்கால் தடுப்புக்கு அடியில். எனக்குப் போன வருடம்தான் கண்முன் வந்தது.

அண்ணன் முதலில் அதைத் தொடவில்லை. பக்கத்துக் கிடேரியை அவிழ்த்துப் பின்னால் தள்ளிக் கட்டினார். தடுப்பு மூங்கிலைக் கழற்றினார். விழுந்ததன் கயிற்றை அவிழ்த்துவிட்டார். பிறகு இருவரும் முன்னங்கால்களைப் பிடித்து நெஞ்சின்மேல் உட்காரும் நிலைக்குப் புரட்டிவிட்டோம். "இனி அவசரப்படுத்தாதீங்க. மரத்துப்போன காலுக்கு ரத்தம் ஓடணும்." வாலைப் பிடித்துத் தூக்குவதோ கழியால் குத்துவதோ இல்லை. காலடியில் புது மணலைக் கொட்டிக் காத்திருந்தோம். பதினைந்து நிமிடத்தில் பின்பக்கத்தைத் தூக்கித் தானே எழுந்தது. முட்டியில் தோல் உரிந்திருந்தது, எலும்புக்கு ஒன்றுமில்லை.

காரணம் கண்ணெதிரே இருந்தது. ஒவ்வொரு பிரேக்குக்கும் மணல் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நகர்ந்து, அதன் பின்னங்கால் இருந்த இடத்தில் இரும்புத் தகடு வெறுமையாகக் கோமியத்தோடு பளபளத்தது. தரையில் நான்கு இடத்தில் குறுக்குச் சட்டம் அடித்தோம். இனி மணல் நகராது. மூன்று நிறுத்தமாக நான் முகத்தைப் பார்த்தேன், மடியைப் பார்த்தேன், தரையைப் பார்க்கவில்லை.

பிப்ரவரி 9

நேற்றிரவு வழி நெடுக மெதுவாக ஓட்டி, காலையில் ஐதராபாத் புறநகரில் இறக்கினோம். முட்டிக் காயத்தைக் கழுவி மருந்து போட்டேன். கிடேரி நொண்டவில்லை. அன்று முழுக்க அங்கேயே.

பிப்ரவரி 10

விடிகாலையில் கிளம்பினோம். கர்னூல் தாண்டி ஒரு சோதனைச் சாவடியில் காகிதம் பார்க்க ஒன்றரை மணி நேரம், நடுப்பகலில், நிழலே இல்லாமல். ஓடும்வரை காற்று உண்டு. நின்றுவிட்டால் நான்கு எருமையின் உடல் சூடும் இரும்புச் சுவரின் சூடும் உள்ளேயே தங்கும். எருமைக்குத் தோல் கறுப்பு, வியர்வைச் சுரப்பியும் குறைவு. குட்டையும் சேறும் அதற்கு ஏன் என்று இன்றைக்கு அந்த வண்டிக்குள் நின்று புரிந்துகொண்டேன்.

மூத்த கறவை கழுத்தை நீட்டி வாயைத் திறந்தது, எச்சில் நூலாக ஒழுகியது. விலா ஏறி இறங்குவதைக் கடிகாரம் பார்த்து எண்ணினேன். நிமிடத்துக்கு அறுபதைத் தாண்டிவிட்டது, சாதாரணமாக இருபதை ஒட்டி இருக்கும். ட்ரம்மில் இருந்த தண்ணீரை நான்கின்மேலும் ஊற்றினோம். அதிகாரியிடம் போய் வண்டியைச் சாலையோர வேப்பமரத்தடிக்கு நகர்த்தக் கேட்டேன். காட்டினேன், அவரே பார்த்துவிட்டுச் சரி என்றார். நிழலும் காற்றும் கிடைத்தபின் அரை மணியில் வாய் மூடியது. குடிக்க எடுத்துவந்த தண்ணீரில் பாதி போய்விட்டது. இனிமேல் ஒரு ட்ரம் கூடுதல், மேலுக்கு ஊற்ற மட்டும்.

பிப்ரவரி 11

காலை ஏழு மணி, ஆத்தூர். இரவோடு பெங்களூரையும் தொப்பூர் இறக்கத்தையும் கடந்தோம். இறக்கம் முழுக்க அண்ணன் சின்ன கியரிலேயே வந்தார், பிரேக்கைத் தொட்டமாதிரியே தெரியவில்லை.

மண்மேட்டில் ஒட்டி இறக்கினோம். மற்ற மாடுகளிலிருந்து தள்ளி, தோப்போரக் கொட்டகையில் மூன்று வாரம் தனியாக. முதல் நாள் தண்ணீர், கோதுமை வைக்கோல், நிழல். நெல் வைக்கோலை நாளுக்கு ஒரு பிடியாகக் கலந்து மாற்றுவேன். இன்று பால் இரண்டு வேளையும் சேர்ந்து ஐந்து லிட்டர்தான்.

பிப்ரவரி 21

பத்து நாளும் காலை மாலை காய்ச்சல் பார்த்தேன். 102 டிகிரி பாரன்ஹீட்டைத் தாண்டியது ஒரே நாள், இளைய கறவைக்கு, மறுநாள் இறங்கிவிட்டது. இருமலோ மூக்கொழுக்கோ இல்லை. மூத்தவள் இன்று பத்து லிட்டர். கிடேரியின் முட்டியில் பொருக்கு உதிர்ந்து இளஞ்சிவப்புத் தோல் தெரிகிறது.

சாயங்காலம் அண்ணன் போன் செய்தார். அடுத்த வாரம் மறுபடி ஹரியானா போகிறாராம். குறுக்குச் சட்டத்தை ஒன்றரை அடிக்கு ஒன்றாக அடித்துவிட்டாராம், அளவு போதுமா, குளம்பு இடறுமா என்று கேட்டார். நான் டேப்பை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன்.