லாகின் பூட்டு விழுகிறதா? சரியான பாஸ்வேர்டைப் போட்டுப் பாருங்கள்

பலதுறைத் தொழிற்கல்லூரியில் எங்கள் கடைசி ஆண்டு புராஜெக்ட்டுக்கு ஒருவழியாகக் கையெழுத்து கிடைத்துவிட்டது. தேக்கா பக்கம் இருக்கும் ஒரு துணைப்பாட நிலையத்துக்கான இணையத்தளம் அது. பெற்றோர் லாகின் செய்து பிள்ளைகளின் வருகைப் பதிவைப் பார்க்கலாம். தளத்தைக் கட்டியதைவிட அந்த லாகின் படிவத்தைச் சோதித்து முடித்ததுதான் பெரும்பாடு. அடுத்த செமஸ்டரில் இதே வேலையைச் செய்யப்போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

காலியான மின்னஞ்சல், காலியான பாஸ்வேர்ட், தவறான பாஸ்வேர்ட் போன்ற வழக்கமான டெஸ்ட் கேஸ்களில் எந்தச் சிக்கலும் இல்லை. அவதியெல்லாம் ஒரே ஒரு விதியால் வந்தது. “பலமுறை தவறினால் கணக்கு பூட்டப்படும்” என்று தேவை ஆவணத்தில் இருந்தது. பலமுறை என்றால் எத்தனை? நிலையத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினோம், பதில் இல்லை. மறுபடி கேட்டோம், “நீங்களே பார்த்துப் போடுங்கள்” என்றார்கள். எண் இல்லாத விதிக்கு டெஸ்ட் கேஸ் எழுத முடியாது. எழுதினாலும் அது தேறியதா தோற்றதா என்று யாரும் சொல்ல முடியாது. விடாமல் கேட்டு, “5 முறை தவறினால் 15 நிமிடம்” என்று எழுத்தில் வாங்கினோம். அதோடு விட்டுவிடாதீர்கள். 5ஆவது தவறிலேயே பூட்டு விழுமா, இடையில் ஒருமுறை சரியாக நுழைந்தால் எண்ணிக்கை பூஜ்யத்துக்குத் திரும்புமா என்ற இரண்டையும் சேர்த்தே கேட்டு வாங்குங்கள். எங்களுக்கு இரண்டுக்கும் ‘ஆம்’ என்று பதில் வந்தது.

இதற்கு முன் இந்தத் தளத்தில் வேலை செய்த குழு ஒரு டெஸ்ட் ஆவணத்தை விட்டுச் சென்றிருந்தது. அதில் பூட்டுக்கான டெஸ்ட் கேஸ் இப்படி இருந்தது: தவறான பாஸ்வேர்டை ஆறு முறை போடு, ஆறாவது முறை உள்ளே விடக்கூடாது. எதிரே ‘தேறியது’ என்று பச்சை நிறத்தில் குறித்திருந்தார்கள். தவறான பாஸ்வேர்டைப் போட்டால் பூட்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் உள்ளே விடாதே! பூட்டிய கணக்குக்கென்று தனிச் செய்தி காட்டினால், எந்த மின்னஞ்சலுக்குக் கணக்கு இருக்கிறது என்று வெளியாள் கண்டுபிடித்துவிடுவான். அதனால் எல்லாத் தோல்விக்கும் “மின்னஞ்சல் அல்லது பாஸ்வேர்ட் தவறு” என்ற ஒரே செய்தியைத்தான் காட்டுகிறோம். ஆகவே திரையைப் பார்த்தும் வித்தியாசம் தெரியாது. அந்த டெஸ்ட் கேஸ் எந்தக் காலத்திலும் தோற்றிருக்காது.

அதை எடுத்துவிட்டு ஒரு ஜோடியாக எழுதினோம். முதல் கேஸ்: தவறு எண்ணிக்கை 0 ஆக உள்ள, பூட்டப்படாத கணக்கில் 4 முறை தவறான பாஸ்வேர்ட், பிறகு சரியான பாஸ்வேர்ட். எதிர்பார்ப்பது, வருகைப் பக்கம் திறக்க வேண்டும். இரண்டாவது: அதே நிலையில் உள்ள இன்னொரு கணக்கில் 5 முறை தவறான பாஸ்வேர்ட், பிறகு சரியான பாஸ்வேர்ட். எதிர்பார்ப்பது, உள்ளே விடக்கூடாது. பூட்டு விழுந்திருப்பதைச் சரியான பாஸ்வேர்ட்தான் காட்டிக்கொடுக்கும்.

இரண்டாவது கேஸை ஓட்டினோம். வருகைப் பக்கம் ஜம்மென்று திறந்தது. பூட்டு என்ற ஒன்றே வேலை செய்யவில்லை!

ஆனால் யூனிட் டெஸ்ட் எல்லாம் தேறியிருந்தன. தவறுகளை எண்ணும் ஃபங்ஷனும் சரி, 15 நிமிடக் கணக்கும் சரி. நேரத்தை வெளியிலிருந்து கொடுக்கும்படி எழுதியிருந்ததால் 14 நிமிடம் 59 நொடி, 15 நிமிடம் என்ற இரண்டு எல்லைகளையும் காத்திருக்காமலே சோதித்திருந்தோம். அப்படியானால் பிழை எங்கே? தேடிப் பிடித்த இடம் இதுதான்:

```python
with transaction.atomic():
    user.failed_count += 1
    user.save()
    raise LoginFailed()
```

ஜாங்கோவில் `atomic` பிளாக்கிலிருந்து எக்செப்ஷன் வெளியேறினால், அந்த பிளாக்குக்குள் டேட்டாபேஸில் எழுதிய எல்லாம் ரோல்பேக் ஆகிவிடும். ஒவ்வொரு தவறுக்கும் எண்ணிக்கை ஒன்று ஏறுகிறது, அடுத்த வரியில் எக்செப்ஷன் அதை அழித்துவிடுகிறது. டேட்டாபேஸில் கடைசிவரை 0தான். யூனிட் டெஸ்ட்டில் டேட்டாபேஸுக்குப் பதிலாக நினைவகத்தில் வைத்த ஒரு போலி இருந்தது. போலிக்கு ரோல்பேக் தெரியாது, அதனால் அங்கே எண்ணிக்கை 5 வரை ஒழுங்காக ஏறியது. யூனிட் டெஸ்ட்டின் எல்லை அது. நிரலும் டேட்டாபேஸும் சேரும் இடத்தில் வரும் பிழையை இன்டகிரேஷன் டெஸ்ட்தான் பிடிக்கும். அங்கேயும் ஓர் எச்சரிக்கை: ரோல்பேக் ஆனாலும் `user` ஆப்ஜெக்ட்டில் ஏறிய எண் அப்படியே நிற்கும். `user.refresh_from_db()` போட்டு டேட்டாபேஸிலிருந்து மறுபடி படித்த பிறகே எண்ணைச் சரிபாருங்கள். `raise` வரியை பிளாக்குக்கு வெளியே கொண்டுவந்தோம், பூட்டு விழுந்தது.

சிஸ்டம் டெஸ்ட் ஒரே மாலையில் முடிந்தது.

அடுத்தது அக்செப்டன்ஸ் டெஸ்ட். நிலையத்துக்கே போய், பெற்றோர் சிலரை உட்காரவைத்துச் செய்ய வேண்டும். ஆளுக்கொரு சோதனைக் கணக்கு வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிக் கேட்டிருந்தோம். சனிக்கிழமை போய் இறங்கினால், எல்லாருக்கும் சேர்த்து ஒரே கணக்கு. “ஒண்ணு போதாதா தம்பி? எல்லாரும் மாத்தி மாத்திப் பாக்கலாமே” என்றார் பொறுப்பாளர் அக்கா. ஒருவர் பூட்டு கேஸை ஓட்டியதும் கணக்கு பூட்டிக்கொண்டது, மற்றவர்கள் எல்லாரும் வெளியே. அவர்கள் பங்குக்கு எழுதியிருந்த ‘சரியான பாஸ்வேர்ட், உள்ளே விட வேண்டும்’ கேஸ்கள் வரிசையாகத் தோற்றன. தளத்தில் பிழையே இல்லை. பூட்டைத் திறக்கும் அட்மின் உரிமை உள்ளவர் அன்று விடுமுறை. 15 நிமிடம் காத்திருந்து தொடங்கினால் மறுபடி யாராவது பூட்டிவிடுகிறார்கள். வந்திருந்த பெற்றோர் ஒவ்வொருவராகக் கிளம்பிவிட்டார்கள். வேலை நடக்காமலே எம்ஆர்டி ஏறினோம்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு டெஸ்ட் கேஸின் முன்நிலையிலும் எந்தக் கணக்கு, அதன் எண்ணிக்கை எத்தனை, பூட்டா திறப்பா என்று எழுதினோம். பூட்டு கேஸுக்கென்று தனிக் கணக்கு, அதை வேறு எந்த கேஸும் தொடாது. கணக்குகளை நாங்களே உருவாக்கி எடுத்துப் போனோம். அவர்களை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள்.

அடுத்த முறை எல்லாம் ஓடியது, ஆனால் எங்களில் யாரும் நினைத்தே பார்க்காத ஒன்று சிக்கியது. ஒரு பாட்டி கைப்பேசியில் பாஸ்வேர்டை மூன்று முறைதான் தவறாகப் போட்டார். நான்காவது சரி, ஆனாலும் உள்ளே விடவில்லை. சர்வர் லாகைப் பார்த்தால் அந்த மூன்று தவறுக்கு ஆறு கோரிக்கைகள் வந்திருந்தன. பட்டனை அவர் ஒவ்வொரு தடவையும் இரண்டு முறை தட்டியிருக்கிறார், சர்வர் இரண்டையும் தனித்தனித் தவறாக எண்ணியிருக்கிறது. விதிப்படி சர்வர் செய்தது சரிதான், பாட்டி பூட்டப்பட்டது சரியில்லை. இதை யூனிட் டெஸ்ட்டும் பிடிக்காது, இன்டகிரேஷன் டெஸ்ட்டும் பிடிக்காது, ஏனென்றால் இரட்டைத் தட்டு நடப்பது விரலுக்கும் திரைக்கும் நடுவே. முதல் தட்டிலேயே பட்டனை முடக்கி, பதில் வந்த பிறகு திறக்கும்படி மாற்றினோம். ‘பட்டனை வேகமாக இருமுறை தட்டு, எண்ணிக்கை 1 மட்டுமே ஏற வேண்டும்’ என்ற கேஸை சிஸ்டம் டெஸ்ட்டில் சேர்த்தோம். ஆவணத்தின் கடைசி வரியாக அது ஏறிய பிறகுதான் அக்கா கையெழுத்துப் போட்டார்.