படம் போனபின் கையெழுத்தை வார்த்தையில் சொன்ன கதை

கூட்டக் குறிப்புகளை எழுதும் பொறுப்பு என்னிடம் இருப்பதால் என் நோட்டு வேகமாக எழுதிய தமிழால் நிறைந்திருக்கும். அதை மற்றவர்கள் படிக்கத் திணறுகிறார்கள் என்று தெரிந்ததும், கையெழுத்துப் பயிற்சி தரும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரிடம் யோசனை கேட்க ஒரு பக்கத்தைப் படமெடுத்து அவர் வகுப்பின் பொது ஆல்பத்தில் போட்டேன். சற்று நேரத்தில் படத்தை அங்கிருந்து நீக்கிவிட்டார்கள். பக்கம் முழுக்க மற்றவர்களின் பெயரும் போன் எண்ணும் இருந்ததால் அது சரிதான்.

வெற்றுத் தாளில் வேறு ஏதாவது எழுதி அனுப்பட்டுமா என்று கேட்டேன். டீச்சர் வேண்டாம் என்றார். "எனக்குக் காட்டணும்னு எழுதினா நல்லாத்தான் எழுதுவீங்க. எனக்கு வேண்டியது அவசரத்துல எழுதினது. நோட்டு உங்க கையிலதானே இருக்கு? ஸ்கேலையும் கோணமானியையும் வெச்சு அளந்து சொல்லுங்க."

யார் விவரமும் இல்லாத ஒரு வரியைப் பக்கத்தின் நடுவில் கண்டுபிடித்தேன்: "கணக்கை அடுத்த கூட்டத்தில் முடிவு செய்யலாம்." இடது ஓரத்திலிருந்து வலது ஓரம் வரை ஓடும் முழு வரி. கொம்பு, கால், கீழே இறங்கும் உகரம், மேலே சுழியும் இகரம் எல்லாம் அதில் இருந்தன. இனி வருவதெல்லாம் இந்த ஒரு வரியைப் பற்றித்தான்.

முதலில் சாய்வு. "எழுத்து வலப்பக்கம் சாய்ந்திருக்கிறது, சுமார் 75 பாகை" என்று எழுதி அனுப்பினேன். டீச்சர் அதை வைத்துத் தன் தாளில் அதே வரியை எழுதி, படமெடுத்து எனக்கு அனுப்பினார். எல்லா எழுத்தும் ஒரே அளவாகச் சாய்ந்த, பார்க்கவே நன்றாக இருந்த ஒரு வரி. என் நோட்டில் இருப்பது அது இல்லை என்று பார்த்ததுமே தெரிந்தது. இதுதான் எங்கள் வழக்கமாயிற்று: நான் சொல்வதை அவர் வரைவார், வரைந்தது நோட்டோடு ஒத்துப்போகும்வரை நான் திருத்திச் சொல்வேன். எந்த இடத்தில் படம் ஒத்துப்போகவில்லையோ அங்கே என் விவரிப்பில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது என்று பொருள்.

சாய்வை அளக்க எல்லாக் கோடும் உதவாது. வளைவையும் சுழியையும் கொம்பையும் விட்டுவிட வேண்டும். ட, ம, ய ஆகியவற்றின் இடப்பக்க நேர்கோடு, க, த ஆகியவற்றின் செங்குத்துக் கோடு, வ-வின் வலப்பக்கக் கோடு, துணைக்கால் இவை போதும். வரியின் மேல் டிரேசிங் பேப்பரை வைத்து இந்தக் கோடுகளின் மேல் மட்டும் பென்சிலால் நீட்டிக் கோடு போட்டேன். பிறகு நோட்டின் அச்சுக் கோட்டுக்கும் அதற்கும் இடையிலான கோணத்தை வலப்பக்கத்திலிருந்து அளந்தேன். 90 என்றால் நேர் நிமிர்வு, குறையக் குறைய வலச்சாய்வு. அளக்கும் பக்கத்தைச் சொல்லாமல் எண்ணை மட்டும் சொன்னால் கேட்பவர் இடச்சாய்வு என்று எடுத்துக்கொள்ளவும் வாய்ப்பு உண்டு.

"கணக்கை"யில் 88 வந்தது. "கூட்டத்தில்" வரும்போது 80. வரிக் கடைசியில் "செய்யலாம்" 68. எழுத்து மொத்தமாகச் சாயவில்லை, வரி போகப்போகச் சாய்ந்துகொண்டே போகிறது. 75 என்று நான் சொன்னது முழு வரிக்கும் பொருந்தாத ஒரு தோராயம்.

இந்த மூன்று எண்களைப் பார்த்ததும் டீச்சர் கேட்ட கேள்வி, "எழுதும்போது முழங்கை நகருதா?" என்பது. நகரவில்லை. மேசை விளிம்பில் முழங்கையை ஊன்றிவிட்டு வரி முழுவதையும் எழுதும் பழக்கம் எனக்கு. முழங்கை ஒரே இடத்தில் நின்றால் முன்கை அதை மையமாக வைத்து வலப்பக்கம் சுழல்கிறது. கை திரும்பத் திரும்ப, அது போடும் நேர்கோடும் அதே அளவு திரும்பிவிடுகிறது. ஆக, கோளாறு எழுத்தில் இல்லை. வலக்கைக்காரனான எனக்கு அவர் சொன்ன மருந்து இரண்டு. தாளின் மேல்பக்கத்தைக் கொஞ்சம் இடப்பக்கமாகத் திருப்பி, தாளின் பக்க ஓரமும் முன்கையும் ஏறக்குறைய ஒரே திசையில் இருக்கும்படி வைப்பது ஒன்று. வரியின் பாதியில் இடக்கையால் நோட்டை இடப்பக்கம் தள்ளிவிடுவது மற்றொன்று. இரண்டாவதுதான் எனக்கு அதிகம் பலித்தது. தடித்த நோட்டாக இருந்தால் தள்ளுவது சிரமம், அப்போது முன்கையையே தூக்கி நகர்த்த வேண்டியிருக்கிறது.

அடுத்தது இடைவெளி. "நெருக்கமாக இருக்கிறது" என்பது யாருக்கும் எதையும் சொல்லாது. என் ட-வின் அகலத்தை ஓர் அலகாக வைத்துக்கொள்ளச் சொன்னார் டீச்சர். அது 3 மி.மீ. இருந்தது. சொல்லுக்குள் எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே சுமார் 1 மி.மீ., அதாவது மூன்றில் ஒரு ட. சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே வரித் தொடக்கத்தில் ஒரு முழு ட இருந்தது. கடைசியில் "முடிவு செய்யலாம்" என்ற இடத்தில் அது 1 மி.மீ.க்குச் சுருங்கியிருந்தது. இடம் போதாமல் நெருக்கியிருக்கிறேன் என்று யாரும் சொல்லிவிடலாம். ஆனால் டீச்சர் அதோடு விடவில்லை. "கொம்பு எங்க நிக்குது, கால் எங்க நிக்குது, அதைத் தனியா அளங்க" என்றார்.

விஷயம் இங்கேதான் இருந்தது. "செ" எழுதும்போது கொம்பைப் போட்டுவிட்டுப் பேனாவை எடுத்து, தள்ளிப்போய்ச் சகரத்தைத் தொடங்கியிருக்கிறேன். கொம்புக்கும் சகரத்துக்கும் நடுவே 1.5 மி.மீ. ஆனால் கொம்புக்கும் அதற்கு முந்தைய "வு"வுக்கும் நடுவே 1 மி.மீ.தான். கொம்பு தனக்குரிய எழுத்தைவிட முந்தைய சொல்லுக்குப் பக்கத்தில் நிற்கிறது! படிப்பவரின் கண் அதை "முடிவு"டன் சேர்த்துவிட்டுத் திரும்பி வருகிறது. "லா"விலும் இதே கதை. காலை லகரத்திலிருந்து 1 மி.மீ. தள்ளிப் போட்டிருக்கிறேன், அதன் அடிமுனையும் லேசாக இழுபட்டிருக்கிறது. தள்ளி நிற்கும், அடியில் வால் இருக்கும் கால் ரகரம் ஆகிவிடும். "செய்யலரம்" என்று ஒருவர் படித்துக் காட்டியபோது நான் சிரித்தேன், அளந்தபிறகு அப்படித்தான் எழுதியிருக்கிறேன் என்று தெரிந்தது.

அவர் கொடுத்த விதி எளிமையானது. கொம்புக்கும் அதன் எழுத்துக்கும், எழுத்துக்கும் அதன் காலுக்கும் இடையே வரும் வெளி, இரண்டு தனி எழுத்துகளுக்கு இடையே வரும் வெளியில் பாதிக்கு மேல் போகக்கூடாது. சொல் இடைவெளி ஒரு ட-வுக்குக் குறையக்கூடாது. வரிக் கடைசியில் இடம் இல்லையா, சொல்லை அடுத்த வரிக்குத் தள்ளு, நெருக்காதே. எனக்கு மிக வேகமாகக் கைக்கு வந்தது இந்தக் கால் விஷயம்தான். ஒரு வாரத்துக்குள் என் குறிப்பைப் படித்தவர்கள் வித்தியாசத்தைச் சொல்லிவிட்டார்கள்.

எழுத்து வடிவம் சொல்லில் அடங்குவது கடினம் என்று நினைத்திருந்தேன். எழுத்து எப்படித் தெரிகிறது என்று சொல்ல முயன்றால் கடினம்தான். பேனா எங்கே தொடங்கி, எங்கே திரும்பி, எங்கே தாளைவிட்டு எழுகிறது என்று வரிசையாகச் சொன்னால் முடிகிறது. "கணக்கை"யின் ணகரத்தை இப்படிச் சொன்னேன்: இடப்பக்கம் சிறு சுழியில் தொடங்குகிறேன், மேலேறி வளைகிறேன், அடுத்து வரவேண்டிய வளைவு ஒரு நெளிவாகப் போய்விடுகிறது, பேனா எடுக்காமல் வலப்பக்கக் கோட்டை இறக்கிவிடுகிறேன். டீச்சர் இதை வரைந்தார், அசல் என் கை. அதாவது மூன்று சுழி ணகரம், இரண்டு சுழி னகரமாகப் படிக்கும்படி இருந்தது.

ஏன் விழுங்கப்படுகிறது என்பதற்கும் அளவே பதில் சொன்னது. என் ட-வின் உயரம் 2.5 மி.மீ. நோட்டின் கோடுகளுக்கு இடையே 8 மி.மீ. இருந்தும் நான் எழுத்தின் உடலை அதில் மூன்றில் ஒரு பங்குக்குள் அடக்கியிருக்கிறேன். அந்த உயரத்தில் ணகரத்தின் தொடக்கச் சுழி வெளியளவில் 1 மி.மீ.தான் வரும். நான் பயன்படுத்தியது 1.0 முனை பால்பாயிண்ட். முனையில் எழுதியிருக்கும் எண் குண்டின் விட்டம், கோட்டின் தடிமன் அதில் ஏறக்குறையப் பாதி. சுழியின் இரண்டு பக்கத்துக் கோடும் சேர்ந்து 1 மி.மீ.யை அடைத்துவிட்டால் உள்ளே ஓட்டை எங்கே மிஞ்சும்? சுழி வெறும் புள்ளியாகிவிடுகிறது. கை அதைத் தெரிந்துகொண்டு அடுத்த வளைவையும் சுருக்கிவிடுகிறது.

எனவே உடல் உயரத்தை 3.5 மி.மீ.க்கு ஏற்றச் சொன்னார். மீதி 4.5 மி.மீ.யில் மேல் வரியின் "டு", "மு" இறங்கவும், இந்த வரியின் "தி" ஏறவும் இடம் இருக்கிறது. 4 மி.மீ.க்கு மேல் போனால் மேல்வரி உகரமும் கீழ்வரி இகரமும் முட்டிக்கொள்ளும் என்பதையும் முயன்று பார்த்தேன், முட்டிக்கொண்டன. பேனாவையும் மெல்லிய முனைக்கு மாற்றினேன்.

அளவுகோலால் அளந்து சொல்ல முடியாதது ஒன்றே ஒன்று இருந்தது: அழுத்தம். அதற்கும் அவர் ஒரு வழி வைத்திருந்தார். தாளைத் திருப்பி விரலால் தடவச் சொன்னார். "கணக்கை"க்குப் பின்னால் எழுத்தையே தடவிப் படிக்கலாம் போலிருந்தது, "செய்யலாம்" பின்னால் வழவழப்பு. வரித் தொடக்கத்தில் பேனாவை இறுகப் பிடித்து அழுத்துகிறேன், கடைசியில் தளர்த்திவிடுகிறேன் என்று முடிவுக்கு வந்தோம். படம் இருந்திருந்தாலும் இது அதில் தெரிந்திருக்காது என்று டீச்சரே சொன்னார். போனைச் சாய்த்துப் பிடித்தால் படத்தில் சாய்வுக் கோணமும் மாறிவிடும், அதனால் படத்தை வைத்துக் கோணம் சொல்வதில் தனக்கு நம்பிக்கை இல்லை என்றும் சேர்த்துக்கொண்டார். அது கொஞ்சம் மிகை என்பது என் எண்ணம். நேராக மேலிருந்து எடுத்தால் படமே போதும், அளவுகோலையும் தாள்மேல் வைத்துப் படமெடுத்தால் இன்னும் நல்லது.

இப்போது வரிக் கடைசியில் அளந்தால் 80 வருகிறது, தொடக்கம் 86. கொம்பும் காலும் இடத்தில் நிற்கின்றன. ணகரம் மட்டும் இன்னும் படுத்துகிறது. நிதானமாக எழுதும்போது மூன்று சுழியும் வருகின்றன, பேசுபவர் வேகமெடுத்தால் இரண்டாகிவிடுகின்றன. முழு வரியையும் மெதுவாக்காமல் ண வரும் இடத்தில் மட்டும் கையை நிதானப்படுத்தப் பழகச் சொல்லியிருக்கிறார். அதற்காக "எண்ணெய்", "வண்ணம்", "கிண்ணம்" என்று ண நிறைந்த சொற்களை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டிருக்கிறேன். அந்தப் பக்கத்தில் யார் பெயரும் இல்லை, வேண்டுமானால் படம் எடுக்கலாம்.