கீரை சாப்பிட்டும் நிக்காத ரத்தம்

நான் கொழும்பில ஒரு ஆஸ்பத்திரியில டயட்டீஷியனா வேலைக்குச் சேர்ந்து எட்டு மாசம் இருக்கும், அப்ப நடந்தது இது. சேர்ஜிக்கல் வோர்ட்டில ஒரு அங்கிள், 58 வயசு, கொட்டாஞ்சேனையில வீடு, புறக்கோட்டையில ஹாட்வெயார் கடை. கண் ரெண்டும் மஞ்சள், உடம்பெல்லாம் கடி, யூரின் பிளேன்டீ நிறம். மூண்டு கிழமையா அப்பிடித்தானாம். ஸ்கேனில பித்தக்குழாய்க்குள்ள கல் அடைச்சிருக்கெண்டு தெரிஞ்சிட்டுது, வாயால கமெராக் குழாய் விட்டு பித்தக்குழாய் வரைக்கும் போற ஈஆர்சீபி செய்து கல்லை எடுக்க நாள் பாத்துக்கொண்டிருந்தாங்க.

என்னைக் கூப்பிட்டது சாப்பாடு பாக்கத்தான். அன்ரி எல்லாத்தையும் வடிவா ஒப்புவிச்சா, "மிஸ், மஞ்சக்காமாலை எண்ட உடன ஒரு சொட்டு எண்ணெய்கூட வீட்டில படேல்ல, தேங்காய்ப்பால் இல்லாத சொதி, அவிச்ச மரக்கறி, பாணும் ஜாமும், அவ்வளவுதான்". அதோட பாமசியில வாங்கின மல்ட்டிவிற்றமின் நாளுக்கு ஒண்டு. நடுவில அங்கிள் ஒண்டு சொன்னார், "மகள், பல்லு விளக்கினா முரசில ரத்தம் வருது, நேத்து ஷேவ் எடுக்கேக்க வெட்டினது ராத்திரிவரைக்கும் கசிஞ்சது". ரத்தம் எடுத்த கையைப் பாத்தன், ஊசி குத்தின இடத்தில உள்ளங்கை அகலத்துக்கு நீலம் பாரிச்சிருந்தது.

எனக்கு உடன மூளையில வந்தது ரத்தம் உறையத் தேவையான விற்றமின் கே. அது சரியான யோசனைதான், அதுக்குப் பிறகு செய்ததுதான் பிழை. விற்றமின் கே எண்டா பச்சை இலை, அதால பொன்னாங்காணி, வல்லாரை, முருங்கையிலை எண்டு சாட்டில நீட்டா எழுதி, காலமையில இலைக்கஞ்சி எண்டும் சேர்த்து, எண்ணெய் வேண்டாம் எண்ட அன்ரியின்ர சட்டத்தையும் அப்பிடியே விட்டிட்டு, பெரிய வேலை செய்த திருப்தியோட கன்டீனுக்குப் போயிட்டன்.

நாலு நாள் கழிச்சு ரிப்போட்டைப் பாத்தா ஐஎன்ஆர் 2.3 இல இருந்து 2.7க்கு ஏறியிருக்கு. ரத்தம் உறைய எடுக்கிற நேரத்தைக் காட்டுற நம்பர் அது, சாதாரண ஆளுக்கு கிட்டத்தட்ட 1. ரத்தம் உறையிறதைக் குறைக்கிற வார்ஃபரின் குளிசை குடிக்கிற ஆளுக்கு 2.7 பரவாயில்ல எண்டலாம், இவர் அப்பிடி ஒரு குளிசையும் எடுக்கேல்ல.

கன்சல்டன்ட் மேடம் என்ர சாட்டைப் பாத்திட்டு திட்டேல்ல, ஒரு கேள்விதான் கேட்டா. "இவர் வெளிக்குப் போனா என்ன நிறம்?" நான் கேக்கவேயில்ல. அங்கிள்தான் சொன்னார், வெள்ளைக்களி மாதிரி, சாம்பல் நிறமாம். மலத்துக்கு மண்ணிறம் குடுக்கிறதே பித்தநீரோட வாற பொருள்தான். களி நிறத்தில போகுதெண்டா பித்தநீர் குடலுக்கு வரவேயில்ல, பித்தநீர் இல்லாத குடலுக்கு நான் கட்டுக்கட்டா கீரை அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறன்.

படிக்கேக்க பாடமாக்கினதுதான், அண்டைக்குத்தான் விளங்கினது. ஏ, டி, ஈ, கே நாலும் எண்ணெயில கரையிற சாமான், தண்ணியில கரையாது. குடல் சுவரிலயோ எப்பவும் ஒரு மெல்லிய தண்ணிப்படை ஒட்டிக்கொண்டிருக்கும், கரையாத சாமான் அதைத் தாண்டி உள்ள போறது கஷ்டம். கோழிக்கறி சாப்பிட்ட கோப்பையை வெறும் பைப் தண்ணியில கழுவிப் பாருங்க, எண்ணெய் வழுக்கிக்கொண்டு அங்கயே நிக்கும், சோப் போட்டாத்தான் போகும். குடலுக்குள்ள அந்த சோப்தான் பித்த உப்பு. கணையத்தில இருந்து வாற லிப்பேஸ் எண்ட என்சைம் கொழுப்பை வெட்டும், வெட்டின துண்டுகளும் பித்த உப்பும் சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன உருண்டையாகும், வெளிப்பக்கம் தண்ணியோட ஒத்துப்போகும், உள்பக்கம் எண்ணெய். இதுக்குப் பேர் மைசெல். விற்றமின் அந்த எண்ணெய் நடுவுக்குள்ள ஏறியிருந்துதான் தண்ணிப்படையைத் தாண்டி குடல் கலத்துக்குப் போகுது, பிறகு அங்க கொழுப்போடயே பொதியாகி நிணநீர் வழியா ரத்தத்துக்கு வருது.

அப்ப சாப்பாட்டில கொழுப்பு எதுக்கு எண்டா ரெண்டு வேலைக்கு. ஒண்டு, அந்த உருண்டை உருளவும் பொதி கட்டவும் சாமானே அதுதான். மற்றது, கொழுப்பு சிறுகுடலுக்கு வந்தாத்தான் பித்தப்பைக்கு "சுருங்கு" எண்டு ஒரு ஹோர்மோன் மெசேஜ் போகும், பித்தநீர் இறங்கும். அதால எண்ணெயே இல்லாத கீரை எண்டா நல்ல ஆளுக்கே பயன் குறைவுதான், ஒரு தேக்கரண்டி எண்ணெயோ கொஞ்சம் தேங்காய்ப்பாலோ சேர்ந்தா நிலைமை வேற. எங்கட அம்மம்மா ஆக்கள் கீரைக்குப் பால் விட்டுக் கடைஞ்சது ருசிக்காகத்தான் எண்டு நினைச்சிருந்தன். (பித்தக்கல் ஆக்கள் எண்ணெய்க்குப் பயப்பிடுறதும் சும்மா இல்ல, பை சுருங்கேக்க கல் இடிச்சு நோகும்.)

ஆனா அங்கிளுக்குத் தேங்காய்ப்பால் ஊத்தியிருந்தாலும் சரிவந்திராது. குழாயே அடைப்பு, சோப்பே இல்ல. மல்ட்டிவிற்றமின் குளிசையில இருந்த கேயும் அதே கதைதான், உள்ள போய் பெரும்பாலும் அப்பிடியே வெளிய வந்திருக்கும்.

ஏன் கே மட்டும் முதல்ல காட்டுது எண்டும் மேடம் சொன்னா. விற்றமின் ஏ ஈரலில மாசக்கணக்குக்கு சேமிப்பில இருக்கும், டி வெயிலில இருந்தும் கிடைக்கும், கேக்கு மட்டும் சேமிப்பு சரியான குறைவு, கிழமைக் கணக்கில முடிஞ்சிடும். கே இல்லாட்டி ஈரல் செய்யிற உறைதல் காரணிகள் 2, 7, 9, 10 நாலும் அரைகுறையாத்தான் வெளிய வரும். அதில 7 ரத்தத்தில அரைவாசியாக ஆறு மணித்தியாலம் போல போதும், அதால ஐஎன்ஆர் சுருக்கா ஏறிடும். இந்த விற்றமினைக் கண்டுபிடிச்ச கதையும் இதேதான். 1920களின்ர கடைசியில டென்மார்க்கில ஹென்ரிக் டாம் எண்டவர் கோழிக்குஞ்சுகளுக்குக் கொழுப்பெடுத்த தீனி குடுக்க அதுகளுக்கு ரத்தம் கசியத் தொடங்கினது. உறைதலுக்கு ஜேர்மன் பாஷையில "கோஆகுலாட்சியோன்", அதை Kயில தொடங்கித்தான் எழுதுவாங்க, பேர் அப்பிடி வந்தது. 1943ஆம் ஆண்டின்ர நோபலில அவருக்கும் பங்கு.

அண்டைக்குப் பின்னேரமே குடலை விட்டிட்டு வேற வழியால போனாங்க, விற்றமின் கே 10 மில்லிகிராம், நரம்பில, மெதுவா. அடுத்தநாள் காலமை ஐஎன்ஆர் 1.4. கீரை குடுத்தும் நாலு நாளில ஏறினது ஒரு ஊசியில இரவோட இறங்கிட்டுது. இதில இன்னொரு விஷயமும் தெரியவந்தது. ஈரலே பழுதாகியிருந்தா ஊசி போட்டும் நம்பர் பெரிசா இறங்காது, ஏனெண்டா கே வந்தாலும் காரணியைச் செய்ய ஆள் இல்ல. இறங்கினதால ஈரல் பரவாயில்ல, பிரச்சினை குழாயிலதான் எண்டு ஆச்சு. அதுக்குப் பிறகுதான் ஈஆர்சீபி, ஏனெண்டா குழாய் வாயை வெட்டி விரிக்க வேண்டிவரும், உறையாத ரத்தத்தோட அதில கைவைக்க ஏலாது.

மூண்டு நாளில கல்லை எடுத்திட்டாங்க, அங்கிளும் வீட்டை போயிட்டார். இதே அடைப்பு கட்டியாலயோ வேற என்னத்தாலயோ மாசக்கணக்கா நிண்டிருந்தா கதை கேயோட நிக்காது. டி இல்லாம எலும்பு மெதுமையாகி நோகும், ஏ முடிஞ்சா இரவில கண் தெரியாது, ஈ குறைஞ்சா கால் மரத்து நடை தள்ளாடும். கணையம் பழுதான ஆக்களிலயும் இது வாறதுதான், பித்தநீர் இருக்கும், வெட்டுறதுக்கு லிப்பேஸ் இருக்காது. அவங்கட மலம் களி நிறமா இருக்கோணும் எண்டில்ல, எண்ணெய் மிதக்கும், நாறும், ஃப்ளஷ் பண்ணினாலும் போகாது. அவங்களுக்கு சாப்பாட்டோடயே என்சைம் கெப்சியூல் குடுக்கோணும், வெறும் வயித்தில குடுத்துப் பிரயோசனம் இல்ல.

ஒரு கிழமை கழிச்சு கிளினிக்குக்கு வந்தார், அன்ரி பின்னால வெக்கத்தோட நிக்க அவர் வாசல்லயே நிண்டு, வெளியில இருந்த பத்துப் பேருக்கும் கேக்கிற மாதிரிச் சொன்னார், "மகள், இப்ப மண்ணிறம்!" நான் சாட்டை எடுத்து எண்ணெய் ஒரு தேக்கரண்டி எண்டு எழுதத் தொடங்கினன், அன்ரிக்கு அதில இன்னும் நம்பிக்கை வரேல்ல.