பெர்த்தஸ் கேஸ் வந்தால் எக்ஸ்ரேயை எப்படிப் பேசுவது?

எம்.எஸ். ஆர்த்தோ செய்முறைத் தேர்வில் பெர்த்தஸ் கேஸ் என்றாலே நாம் ஹெர்ரிங் வகைப்பாட்டுக்குத் தாவிவிடுவோம். என் தேர்வாளர் முதலிலேயே கேட்டது: "இந்தப் படத்துக்கு ஹெர்ரிங் போடலாமா?" அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் தானாக வரும்.

எட்டரை வயதுப் பையன். நொண்டி நடக்கிறான், வலி முழங்காலில். காலை அகட்டுவதும் உள்பக்கம் திருப்புவதும் குறைந்திருக்கிறது. படத்தில் தொடை எலும்பின் தலை வெளுத்து, அதில் ஒரு செங்குத்து வெடிப்பு. வால்டன்ஸ்ட்ராம் சொன்ன நான்கு கட்டங்களில் (வெளுப்பு, துண்டாதல், புது எலும்பு படிதல், ஆறிய நிலை) இது துண்டாதலின் தொடக்கம்.

ஹெர்ரிங் பார்ப்பது தலையின் வெளிப்புறத் தூணின் உயரத்தை. உயரம் குறையாவிட்டால் ஏ, பாதிக்கு மேல் நின்றால் பி, பாதிக்குக் கீழ் இறங்கினால் சி. துண்டாதல் முற்றிய பிறகுதான் இதை நம்பிச் சொல்ல முடியும். இன்று பி போலத் தெரிவது சில மாதங்களில் சி ஆகலாம்.

சரி, அதுவரை காத்திருக்கலாமா? கூடாது. மென்மையாக இருக்கும் தலையைக் கிண்ணத்துக்குள்ளேயே வைத்திருந்தால், அது கிண்ணத்தின் உருண்டை வடிவத்தை ஏற்கும். கன்டெயின்மென்ட் என்பது இவ்வளவுதான். மணிப்பாலின் பெஞ்சமின் ஜோசப் முதல் மூன்று கட்டங்களையும் முன்பாதி, பின்பாதி என்று பிரித்தது இதற்கு உதவுகிறது: துண்டாதலின் பின்பாதிக்குள் போவதற்கு முன்பே செய்துவிட வேண்டும். ஹெர்ரிங் தெளிவாகும் நேரத்தில் வாய்ப்பு ஏறக்குறைய கைநழுவியிருக்கும்.

அதனால் முடிவை வயதையும் தலை வெளியே பிதுங்கிய அளவையும் வைத்து எடுக்கிறோம். கிண்ணத்தின் வெளி விளிம்பிலிருந்து பெர்க்கின் கோடு போடுங்கள். இந்தப் பையனுக்குத் தலையின் அகலம் 44 மி.மீ., கோட்டுக்கு வெளியே 10 மி.மீ.; அதாவது சுமார் 23 சதவீதம். 20-ஐத் தாண்டினால் தலை உருக்குலையும் ஆபத்து அதிகம். வயதும் எட்டைக் கடந்துவிட்டது. இரண்டும் சேர்ந்தால் தொடை எலும்பில் வேரஸ் ஆஸ்டியாட்டமி என்று தைரியமாகச் சொல்லலாம்.

ஆனால் அதற்கு முன் அகட்டல் திரும்ப வேண்டும். ஓய்வு, டிராக்‌ஷன் கொடுத்து, அகட்டிய நிலையில் படம் எடுத்துப் பாருங்கள். தலை உள்ளே போகாமல் விளிம்பில் மோதிக் கீல்போல் திரும்பினால், அது ஹிஞ்ச் அப்டக்‌ஷன். அந்த இடுப்பில் வேரஸ் செய்தால் கெடுதல்தான். இதைத் தேர்வாளர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

எதிர்காலம் பற்றிக் கேட்டால் ஹெர்ரிங் குழுவின் 2004 ஆய்வுக்கு வரலாம். எட்டு வயதுக்கு மேல் நோய் தொடங்கி, பி அல்லது பி/சி எல்லையில் இருந்தவர்களுக்கு அறுவை சிகிச்சை பலன் தந்தது. எட்டுக்குள் பி என்றால் எந்த வழியிலும் நன்றாகவே தேறினார்கள். சி பிரிவில் சிகிச்சையால் பெரிய மாற்றம் இல்லை. இறுதி மதிப்பீடு எலும்பு வளர்ச்சி முடிந்த பிறகு ஸ்டல்பர்க் முறையில்: தலை உருண்டையா, முட்டை வடிவமா, தட்டையா, கிண்ணத்தோடு பொருந்துகிறதா. தட்டையான தலை உருண்டைக் கிண்ணத்துக்குள் இருந்தால் மூட்டுத் தேய்மானம் இளம் வயதிலேயே வந்துவிடும்.