‘மெதுவாக விடு’ என்றேன், கால் அப்படிச் செய்யவில்லை: கிளட்ச் வீடியோ, நான்காவது வாரம்

சித்தி ஓட்டுநர் பயிற்சிக்குப் போய் வருகிறார். ஒவ்வொரு முறையும் முதல் கியரில் நகர்த்தும்போது வண்டி குலுங்கி நின்றுவிடுகிறதாம். சரி, காலும் கையும் என்ன செய்கின்றன என்று ஒரு ஐந்து நிமிட வீடியோ எடுத்துக் கொடுத்தால் வீட்டில் பார்த்துக்கொள்வாரே என்று ஆரம்பித்தேன். நான்கு வாரம் ஆகிவிட்டது.

முதல் வாரம் போனது கேமராவுக்கே. தலைக்கு மேலிருந்து எடுத்தால் பெடல் நகர்வதே தெரியவில்லை, ஷூவின் மேல்பக்கம்தான் தெரிகிறது. கன்சோலின் பக்கச் சுவரில் வெல்க்ரோ போட்டுப் பழைய போனை ஒட்டி, 0.5 லென்ஸில் இடதுபுறத்திலிருந்து எடுத்தபோதுதான் பெடல் எவ்வளவு ஏறுகிறது என்று புரிந்தது. போன் கழன்று பெடலுக்கு அடியில் விழுந்தால் ஆபத்து என்பதால் கயிறு போட்டும் கட்டினேன். கறுப்பு ஷூ, கறுப்பு பெடல், கறுப்பு மேட். ஒன்றும் பிரித்துத் தெரியவில்லை. பெடல் தண்டில் வெள்ளை டேப் ஒட்டி, வெள்ளை கேன்வாஸ் ஷூ போட்டுக்கொண்டேன்.

கியர் பிடிக்கும் கையையும் டேஷ்போர்டையும் இன்னொரு போன் எடுக்கிறது. இரண்டையும் இணைக்கக் கைதட்ட வேண்டியதில்லை. சீட் பெல்ட் மாட்டும் ‘கிளிக்’ இரண்டு போனிலும் பதிவாகிறது, அதுவே போதும். ஆனால் தொடக்கத்தில் சரியாகப் பொருந்திய படம் மூன்றாவது நிமிடத்தில் விலகியது. போன் கேமரா இருட்டில் ஃபிரேம் வேகத்தைக் கூட்டிக் குறைப்பதுதான் காரணம். எடிட் செய்வதற்கு முன்பே சீராக்கிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை:

```
ffmpeg -i kaal.mp4 -vf fps=30 -c:a copy kaal30.mp4
```

அப்புறம்தான் உண்மையான சிக்கல். ஓட்டிக்கொண்டே பேசியிருந்தேன்: “கிளட்ச்சை மெதுவாக, மெதுவாக விடுங்கள்…” பதிவைப் போட்டுப் பார்த்தால் என் கால் மெதுவாக விடவே இல்லை. தரையிலிருந்து பாதி தூரத்தை ஒரு நொடியில் சட்டென்று ஏறுகிறது. இன்ஜின் சக்கரத்தைப் பிடிக்கத் தொடங்கும் இடமான ஹாஃப் கிளட்ச் வந்ததும் ஒன்றரை நொடி அசையாமல் நிற்கிறது. வண்டி உருளத் தொடங்கிய பிறகுதான் மீதியை மெதுவாக விடுகிறது. பதினைந்து வருடமாக ஓட்டுகிறேன், நடுவில் கால் நிற்கிறது என்று எனக்கே தெரியாது! வண்டி நின்றுபோவதற்குக் காரணமும் இந்த நிற்றல் இல்லாததுதான். சித்தி ‘மெதுவாக’ என்பதை நம்பி ஒரே சீராகத் தூக்குகிறார். பிடிக்கும் இடத்தையும் அதே வேகத்தில் கடந்துவிடுகிறார்.

எனவே குரலைத் தனியாகப் பதிவு செய்தேன். “கார் லேசாக நடுங்க ஆரம்பித்ததும் காலை அப்படியே நிறுத்துங்கள்.” அந்த வீடியோவைப் போனில் ஓடவிட்டு, இன்ஜின் அணைந்த காரில் சித்தியை உட்காரவைத்தேன். “நீ சொல்லி முடிக்கறதுக்குள்ள என் கால் மேல வந்துடுச்சேடா” என்றார். நியாயம்தான். தமிழில் வினைச்சொல் கடைசியில் வருகிறது. ‘நிறுத்துங்கள்’ காதில் விழும்வரை செய்ய வேண்டியது என்ன என்றே தெரியாது, அதற்குள் மூன்று நொடி போய்விடுகிறது.

இப்போது விளக்கம் எல்லாம் இன்ஜின் ஓடாத காட்சியில் முதலிலேயே முடிந்துவிடுகிறது. ஓடும் காட்சியில் மூன்றே சொல்: “ஏற்று… நில்… விடு.” ஒவ்வொரு சொல்லும் கால் அசைவதற்கு அரை நொடி முன்னால் வருமாறு வைத்தேன். ‘நில்’லுக்குப் பிறகு பேச்சே இல்லை, ஏனென்றால் அங்கே இன்ஜின் சத்தம் கேட்க வேண்டும். பிடிக்கும்போது உறுமல் கனக்கிறது. 800-இல் நிற்கும் ஆர்.பி.எம். முள் ஒரு முடி அளவு இறங்கி மறுபடி ஏறுகிறது. காலில் எதுவும் தெரியாத அந்த நொடியில், முள்ளைத்தான் பெரிதாக்கிக் காட்டுகிறேன்.

கை இதைவிட எளிது, ஒரே ஒரு திருத்தம். “முதல் கியர்” என்ற சொல் கிளட்ச் தரையைத் தொட்ட பிறகே வர வேண்டும். முதலில் சேர்ந்தாற்போல் வைத்திருந்தேன், சித்தி கிளட்ச் பாதியில் இருக்கும்போதே கம்பியைத் தள்ளினார். கறகற.

மேடு ஏறும் பகுதி இன்னும் சரியாகவில்லை. அடுக்குமாடியின் அடித்தள சரிவில் கைப்பிரேக் போட்டு, 1,500 ஆர்.பி.எம். வைத்து, பானட் லேசாகத் தூக்கியதும் கைப்பிரேக்கை விட வேண்டும். அங்கே இடது கால், வலது கால், இடது கை மூன்றுக்கும் ஒரே நேரத்தில் வேலை, குரலுக்கு ஒரு வாய்தான். ஒன்பதாவது டேக்கில் கருகல் வாசம் வந்தது, கிளட்ச் பிளேட். சரிவில் மீண்டும் மீண்டும் ஹாஃப் கிளட்ச்சில் பிடித்து நிறுத்தினால் இப்படித்தான். ஒரு மணி நேரம் ஆறவிட்டு, அன்றைக்கு மூட்டை கட்டினேன்.

அடுத்த ஞாயிறு, ஒரு நாளைக்கு நான்கே டேக். அந்த இடத்தில் சொல்லையே எடுத்துவிட்டு, கைப்பிரேக் பட்டனை அழுத்தும் கட்டைவிரலை மட்டும் காட்டிப் பார்க்கப்போகிறேன்.