திருகோணமலையில் மின்சாரச் சரக்கு ஓட்டோ வாங்கிய கதை: பற்றரியைப் பார்த்து வாங்குங்கள்

மின்சார ஓட்டோ விற்பவர் தரும் தாளில் "500 கிலோ பாரம், 110 கிலோமீற்றர் ஓட்டம், 4 மணி நேரத்தில் சார்ஜ்" என்று மூன்று எண்கள் இருந்தால், அந்த மூன்றும் ஒரே வண்டிக்கு உரியவையா என்று முதலில் கேளுங்கள். எனக்குக் கிடைத்த தாளில் அப்படி இல்லை. லித்தியம் பற்றரி வண்டியின் எண்களைப் போட்டுவிட்டு, ஈய பற்றரி வண்டியின் விலையைச் சொன்னார்கள். அந்த விலையைப் பார்த்து நான் சந்தோசப்பட்டதை நினைத்தால் இன்னும் கோபம் வருகிறது.

எங்களுடையது 19 லீற்றர் குடிதண்ணீர்ப் போத்தல் விநியோகம். கன்னியா வீதிப் பக்கம் நிரப்பி, உப்புவெளி, நிலாவெளி ஹோட்டல்களுக்கும் டவுனுக்குள் கடைகளுக்கும் கொடுக்கிறோம். 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தியதிலிருந்து பழைய பெற்றோல் ஓட்டோவையே திருத்தித் திருத்தி ஓடினோம். 2025இல் திரும்பத் திறந்த பிறகுதான் மின்சார வண்டியைப் பற்றி யோசித்தேன். நாள் ஒன்றுக்கு 60 கிலோமீற்றர் அளவில் ஓட்டம், நிரம்பிய போத்தல் ஒன்று 20 கிலோ. எனக்குத் தேவையான கணக்கு அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு கேட்டால் யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை.

இங்கேயுள்ள முகவர், "அண்ணே, அரை ரொன் தாராளமா ஏத்தலாம், 25 போத்தல் போகும்" என்றார். பார்க்க வண்டி இல்லை, கொழும்புக்குப் போகச் சொன்னார். இரவு பஸ் ஏறிப் போய்ச் சேர்ந்தால், லித்தியம் வண்டி விற்றுவிட்டதாம், ஈய பற்றரி வண்டிதான் நின்றது. முதல் நாளே தொலைபேசியில் கேட்டுத்தான் புறப்பட்டேன். ஒரு நாள் விநியோகம் நின்றதுதான் மிச்சம்.

போனதற்குப் பலனாக இருக்கையைத் தூக்கிப் பற்றரிகளைப் பார்த்தேன். 12 வோல்ட்டில் ஆறு, மொத்தம் 72 வோல்ட். ஒவ்வொன்றும் தனி ஆளாகத் தூக்கச் சிரமப்படும் கனம், கிட்டத்தட்ட 29 கிலோ. ஆறுக்கும் சேர்த்து 175 கிலோ வருகிறது. அதே அளவு மின்சாரம் பிடிக்கும் லித்தியம் பொஸ்பேற் பொதி 70 கிலோவுக்குள் முடிந்துவிடும். வித்தியாசம் 105 கிலோ. என் தொழிலில் அது ஐந்து போத்தல், ஒவ்வொரு ஓட்டத்துக்கும்.

பாரத்தைப் பற்றிப் பேசும்போது தாளை விட்டுவிட்டு, வண்டியின் சட்டத்தில் அடித்திருக்கும் தகட்டைப் பாருங்கள். அதில் மொத்த எடை இருக்கும். நான் பார்த்த வண்டிக்கு 995 கிலோ. வண்டி, பற்றரி, சாரதி, சாமான் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். லித்தியம் பொதியோடு திறந்த தட்டு வண்டியின் வெறும் எடை 430. சாரதிக்கு 65 கழித்தால் 500 மிஞ்சும். தாளில் இருந்த 500 இப்படி வந்ததுதான். ஈய பற்றரி போட்டால் வெறும் எடை 535. அதற்குமேல் அவர்கள் கட்டித்தரும் மூடிய இரும்புப் பெட்டிக்கு இன்னும் 60. ஆக 595. சாரதியையும் கழித்தால் 335 கிலோ, அதாவது 16 போத்தல். இருபத்தைந்து என்று சொன்ன அதே வண்டியில்!

இந்தக் கணக்கை அங்கிருந்த விற்பனையாளரிடம் எழுதிக் காட்டினேன். "எல்லாரும் கூடத்தானே ஏத்துறாங்க அண்ணா" என்றார். ஏற்றலாம். பிரேக் பிடிக்கும் தூரம் கூடும், பின் ரயர் தேயும், விபத்து நடந்தால் காப்புறுதிக்காரர் முதலில் கேட்பது பாரத்தைத்தான். தண்ணீர்ப் போத்தலுக்கு இரும்புப் பெட்டியும் தேவையில்லை, வெயில் படாமல் இருந்தால் போதும். கடைசியில் நான் 20 கிலோவில் ஒரு கம்பிச் சட்டம் அடித்து, மேலே தடித்த படங்கு போட்டேன். லித்தியம் பொதியோடு இப்போது 24 போத்தல் சட்டப்படி போகிறது.

ஓட்டத் தூரத்தில் இதைவிடப் பெரிய ஏமாற்று இருக்கிறது. இரண்டு பற்றரியிலும் 72 வோல்ட், 100 அம்பியர்-அவர் என்றுதான் எழுதியிருக்கும். பெருக்கினால் இரண்டும் 7.2 யூனிற், மின்சாரக் கட்டணச் சீட்டில் வரும் அதே யூனிற்தான். ஆனால் ஈய பற்றரியின் 100 என்பது பெரும்பாலும் 20 மணி நேரத்தில் மெல்ல மெல்ல இறக்கும் கணக்கு. பாரத்தோடு ஓடும் ஓட்டோ இரண்டு, மூன்று மணி நேரத்தில் இறக்கிவிடும். அவ்வளவு வேகமாக இழுத்தால் அந்த 100இல் எழுபதுதான் கைக்கு வரும். அதையும் முழுக்க வற்றவிட்டால் பற்றரி சீக்கிரம் செத்துவிடும். நம்பி எடுக்கக்கூடியது ஏறத்தாழ 4 யூனிற். லித்தியத்தில் ஆறரை யூனிற் வரை எடுக்கலாம். பாரத்தோடு போய், வெற்றுப் போத்தலோடு திரும்பும் என் ஓட்டத்துக்குக் கிலோமீற்றருக்கு 0.085 யூனிற் போகிறது. ஈயத்தில் 47 கிலோமீற்றர், லித்தியத்தில் 76. தாளில் இருந்த 110 வெறும் வண்டியை ஒரே வேகத்தில் ஓட்டிப் பார்த்த தூரமாகத்தான் இருக்க வேண்டும்.

அதனால் வாங்குமுன் பாரத்தோடு ஓட்டிப் பாருங்கள். எனக்கு முதலில் கடற்கரைப் பக்கத்துச் சமதரையில் வெறும் வண்டியைத்தான் ஓட்டக் கொடுத்தார்கள். நான் விடவில்லை. லித்தியம் வண்டி ஊருக்கு வந்ததும் 24 போத்தலை ஏற்றிக்கொண்டு உவர்மலை ஏற்றத்துக்குக் கொண்டுபோனேன். பாதி ஏற்றத்தில் நிறுத்தி, திரும்ப எடுத்துப் பார்த்தேன். எடுபட்டது. அதற்குப் பிறகுதான் முற்பணம் கொடுத்தேன். முகவருக்கு முகம் சுருங்கியது, ஆனாலும் இந்தப் பரீட்சையை விட்டுக்கொடுக்காதீர்கள்.

விலையில் லித்தியம் கூடத்தான். ஆனால் தினமும் ஆழமாக இறக்கி ஏற்றினால் ஈய பற்றரி சில நூறு தடவைதான் தாங்கும், ஒன்றரை வருசத்தில் புதுச் செற் தேடவேண்டி வரும். லித்தியம் பொஸ்பேற் இரண்டாயிரம் தடவைக்கு மேல் தாங்கக்கூடியது. ஒரு பொதி ஓடி முடிவதற்குள் எத்தனை ஈயச் செற் மாற்றவேண்டும் என்று கணக்குப் பார்த்தபோது எனக்குத் தயக்கம் போய்விட்டது. நாளுக்கு 30 கிலோமீற்றருக்குள் ஓடி, இலேசான சாமான் ஏற்றி, இரவு முழுக்க வண்டியை வீட்டில் நிறுத்துபவருக்கு ஈய பற்றரி போதும். பாண் விற்கும் நண்பர் ஒருவருக்கு நானே அதைத்தான் சொன்னேன்.

பதிவு, காப்புறுதி எல்லாம் பிரச்சினையில்லாமல் முடிந்தன. மாட்டியது லீசிங்கில். விற்பனைச் சீட்டில் மோட்டார் இலக்கத்தின் ஓர் எழுத்தை எழுதுவினைஞர் மாற்றி அடித்திருந்தார். லீசிங்காரர் வண்டியைப் பார்க்க வந்து, இலக்கம் பொருந்தவில்லை என்று திருப்பிவிட்டார். திருத்திய சீட்டு கொழும்பிலிருந்து வரும்வரை வண்டி வாசலில் நின்றது. மோட்டார் பின் அச்சுக்குப் பக்கத்தில் இருக்கும், இலக்கம் சேறு படும் இடத்தில். ரோர்ச் அடித்து, துணியால் துடைத்து, சட்ட இலக்கத்தையும் மோட்டார் இலக்கத்தையும் சீட்டோடு ஒத்துப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

பற்றரி உத்தரவாதக் கடிதத்தையும் சும்மா வாங்காதீர்கள். எனக்கு முதலில் தந்ததில் "3 வருடம்" என்று மட்டும் இருந்தது. எந்தப் பொதிக்கு, எவ்வளவு குறைந்தால் பழுது என்று ஏற்பார்கள், 70 கிலோப் பொதியைக் கொழும்புக்கு அனுப்பும் செலவு யாருடையது, ஒன்றுமில்லை. மீதிப் பணத்தைக் கொடுக்கமாட்டேன் என்று நின்றேன். பொதியின் தொடர் இலக்கம், கொள்ளளவு 70 வீதத்துக்குக் கீழே போனால் மாற்றித் தருவது, ஏற்றுக்கூலி அவர்களுடையது என்று மூன்றையும் எழுதி வாங்கினேன். மீதிப் பணம் கையில் இருக்கும்போதுதான் இதெல்லாம் நடக்கும்.

அப்புறம் சார்ஜ் விசயம். "சாதாரண பிளக் போதும்" என்று சொல்லித்தான் விற்றார்கள். சார்ஜர் 2.2 கிலோவாட், 230 வோல்ட்டில் பத்து அம்பியருக்குக் கொஞ்சம் குறைவு. கேத்திலும் அவ்வளவு இழுக்கும்தான், ஆனால் அது ஐந்து நிமிடம், இது மூன்றரை மணி நேரம். எக்ஸ்ரென்சன் வயரில் போட்ட முதல் கிழமையே பிளக்கின் கால் பழுப்பு நிறமாகி, பிளாஸ்ரிக் மணம் வந்தது. உடனே நிறுத்திவிட்டு, மெயின் பெட்டியிலிருந்து தனி வயர், தனி பிரேக்கர், தனி பிளக், நல்ல ஏர்த் என்று செய்வித்தேன். பழைய ஈய பற்றரிச் சார்ஜர் யாரிடமாவது சும்மா கிடைக்கிறது என்று லித்தியத்துக்கு மாட்டிவிடாதீர்கள். அதன் வோல்ட் கணக்கே வேறு, பொதியைக் கெடுத்துவிடும்.

மதியம் ஒரு மணி நேரம் போட்டாலே இருபது கிலோமீற்றருக்கு மேல் கிடைக்கிறது, லித்தியத்தின் பெரிய வசதி அதுதான். ஈயத்துக்கு அரைகுறைச் சார்ஜ் ஆகாது, எட்டுப் பத்து மணி நேரம் போட்டு நிரப்பத்தான் வேண்டும். ஆனால் கச்சான் காற்றுக் காலத்து வெயிலில் ஒரு நாள் மதியம் வண்டி சார்ஜ் ஏறவே இல்லை. சார்ஜரில் விளக்கு எரிகிறது, மீற்றர் அசையவில்லை. வண்டியை ஓட்டும் என் மருமகன், "மாமா, சார்ஜர் போச்சு" என்று பதறிவிட்டான். முகவரும் அதையே சொல்லிப் புதுச் சார்ஜருக்கு விலை சொன்னார். பற்றரிப் பெட்டியைத் தொட்டுப் பார்த்தேன், கை வைக்க முடியாத சூடு. பொதிக்குள் இருக்கும் பாதுகாப்புச் சுற்று, சூடு கூடினால் சார்ஜை மறித்துவிடும். வேப்பமர நிழலில் அரை மணி நேரம் விட்டுப் போட்டதும் ஏறியது. புதுச் சார்ஜருக்கு ஒரு சதமும் கொடுக்கவில்லை. இப்போது ஓடி வந்தவுடன் போடுவதில்லை, நிழலில் நிறுத்திச் சாப்பிட்டு முடித்த பிறகுதான் போடுகிறோம்.

ஓட்டுபவருக்குச் சொல்லிவைக்க இன்னொன்று. ஈய பற்றரி இறங்க இறங்க வண்டி சோர்ந்து காட்டிக்கொடுக்கும். லித்தியம் கடைசிவரை ஒரே மாதிரி இழுத்துவிட்டுத் திடீரென்று நிற்கும். அதன் வோல்ட் நெடுநேரம் அசையாது என்பதால் மீற்றர் காட்டும் வீதத்தையும் முழுக்க நம்ப முடியாது. மருமகன் இப்போது மீற்றரின் வீதத்தைப் பார்ப்பதில்லை, ஓடிய தூரத்தைத்தான் பார்க்கிறான்: 60 தாண்டினால் நிலாவெளிப் பக்கம் புது ஓடர் எடுப்பதில்லை. ஞாயிறு இரவில் இடையில் கழற்றாமல் நிரம்பும்வரை விடுகிறோம், அப்போதுதான் உள்ளே இருக்கும் செல்கள் சமப்படும், வீதமும் ஓரளவு சரியாகக் காட்டும்.